பசுவும் கன்றும் விற்கப் போய்ப் பக்கம் பூட்டப்பட்ட கதை

உங்களில் பலர் இன்று கைத்தொலைபேசி வழியாகவே வியாபாரம் செய்கிறீர்கள். முறுக்கு, அதிரசம், பூமாலை, சேலை, பூஜைச் சாமான் என்று எதை விற்றாலும் ஒரு வணிகப் பக்கம் திறந்து படத்தைப் போட்டுவிடுகிறீர்கள். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறு நகரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு 2025 பொங்கல் சமயத்தில் அதுதான் நடந்தது. அவர் எழுதிய மேல்முறையீட்டுக் கடிதம் உங்களுக்கும் ஒரு நாள் உதவலாம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கென்று அக்கா பித்தளையில் செய்த பசு, கன்றுச் சிலைகளை வரவழைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். கடைக்குப் பின்னாலுள்ள புல்தரையில் வைத்து, கழுத்தில் சிறிய மாலை போட்டு, அழகாகப் படம் எடுத்தார். ஜனவரி 4ஆம் தேதி பதிவு போட்டார். "பசுவும் கன்றும் விற்பனைக்கு. ஒரு ஜோடி 45 வெள்ளி. 30 ஜோடி மட்டுமே. வெளியூருக்கும் அனுப்பப்படும்" என்று தமிழில் எழுதி, அதையே மலாயிலும் எழுதினார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கம் பூட்டப்பட்டது. உயிருள்ள பிராணிகளை விற்றதாகக் குற்றம்!

சிரிப்பு வருகிறதல்லவா? அக்காவுக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் 19 பேர் பணம் கட்டிவிட்டார்கள். யாருக்கு எத்தனை ஜோடி, எந்த முகவரி என்ற விவரமெல்லாம் அந்தப் பக்கத்தின் செய்திப் பெட்டிக்குள் இருந்தன. திறந்து பார்க்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. பணம் கட்டியவர்கள் பக்கத்தைத் தேடிப் பார்த்துக் காணவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? ஏமாற்றிவிட்டாள் என்றுதானே?

இப்படி ஏன் நடக்கிறது? இத்தகைய வலைத்தளங்களில் ஒரு நாளில் வரும் பதிவுகளை மனிதர்கள் உட்கார்ந்து படித்துத் தீராது. முதல் சல்லடை இயந்திரம்தான். அது சொல்லையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. பசு, கன்று, ஜோடி, விலை, பின்னால் பச்சைப் புல். 'பித்தளை' என்ற சொல் எங்குமே இல்லை. நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், 45 வெள்ளிக்கு மாடு கிடைக்காது என்று. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை.

அறிவிப்பின் அடியில் Request review என்று ஒரு பொத்தான் இருந்தது. மறுபரிசீலனை கேட்பதற்கான வழி அதுதான். அக்கா அன்றிரவே உட்கார்ந்து எழுதினார். பதினான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன், கணவருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எந்தப் பாவமும் செய்யாத எனக்கு இப்படிச் செய்யலாமா என்று ஒன்றரைப் பக்கம். நல்ல வேளையாக அனுப்பும் முன், தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருக்கும் தம்பியிடம் காட்டினார்.

தம்பி படித்துவிட்டு, "எல்லாம் சரி அக்கா, இதிலே மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?" என்றார்.

அந்தக் கேள்விதான் முக்கியம், வாசகர்களே. மனுவைப் பார்ப்பவர் முன்னால் இரண்டே பொருள்கள் இருக்கின்றன: ஒரு விதி, ஒரு பதிவு. இந்தப் பதிவு அந்த விதியை மீறுகிறதா, இல்லையா என்று மட்டுமே அவர் முடிவு செய்ய வேண்டும். நம் கஷ்டம் உண்மையாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அத்துடன் எழுதுவதற்குக் கொடுத்திருப்பதோ சின்னப் பெட்டி. ஒன்றரைப் பக்கக் கண்ணீர் அதில் கொள்ளாது.

இருவரும் சேர்ந்து மறுபடி எழுதினார்கள். மலாயில் அனுப்பிய அந்தக் கடிதத்தைத் தமிழில் தருகிறேன்.

"ஜனவரி 4ஆம் தேதி எங்கள் பக்கத்தில் வந்த பதிவு, உயிருள்ள பிராணிகளை விற்கக்கூடாது என்ற விதியை மீறியதாக அறிவிப்பு வந்தது. அதில் இருக்கும் பசுவும் கன்றும் உயிருள்ளவை அல்ல. பூஜையில் வைக்கும் பித்தளைச் சிலைகள். பசுவின் உயரம் 7 சென்டிமீட்டர். ஒரு ஜோடியின் எடை 400 கிராம். அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம், மொத்த வியாபாரியின் ரசீது, கடையின் எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றிதழ் மூன்றையும் இணைத்துள்ளேன். பதிவில் பித்தளை என்று நான் குறிப்பிடவில்லை. படமும் புல்தரையில் எடுத்தது. அதனால் தவறாகப் புரிந்திருக்கலாம். நாங்கள் பிராணிகள் விற்பதில்லை. பதிவை மீண்டும் பார்த்துப் பக்கத்தைத் திறந்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அடிக்கோல் வைத்து எடுத்த படத்தைக் கவனியுங்கள். ஏழு சென்டிமீட்டர் பசுவை யாரும் மாடு என்று சொல்ல முடியாது. 'பித்தளை என்று குறிப்பிடவில்லை' என்று அக்கா ஒப்புக்கொண்டதை எழுதவே கூடாது என்று முதலில் அடம்பிடித்தாராம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம். ஆனால், தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்று அந்த வரிதான் பார்ப்பவருக்குக் காட்டுகிறது. விடுபட்ட சொல் ஒன்றும் விதிமீறல் ஆகாது.

அனுப்பிய பிறகு என்ன செய்வது என்பதிலும் அக்கா இரண்டு இடங்களில் தடுமாறப் பார்த்தார். பதில் வரத் தாமதமானதும் வேறு பெயரில் புதுப் பக்கம் திறக்கலாமா என்று யோசித்தார். பூட்டியிருக்கும்போது அப்படிச் செய்தால், தண்டனையைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டு புதியதையும் மூடிவிடலாம். தம்பி தடுத்துவிட்டார். இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. "நாங்கள் உதவிப் பிரிவு. உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நிரந்தரமாக அழிக்கப்படும். இந்த இணைப்பில் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று. பக்கம் பூட்டியவர்களைத் தேடிப் பிடிக்கும் மோசடிக்காரர்கள் இவர்கள். உண்மையான பதில் அறிவிப்பு வந்த அதே இடத்தில்தான் வரும். கடவுச்சொல்லையோ, கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ யாரும் கேட்கமாட்டார்கள். அவசரத்தில் கொடுத்துப் பணமும் போய்விட்டதென்றால், நம் நாட்டில் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பணம் கட்டிய 19 பேர்? அவர்களைக் கண்டுபிடிக்க அக்கா வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் அனுப்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். எண் கிடையாது, பெயர் மட்டும்தான். கடைக் கதவிலும் கோவில் வாசலிலும் தோட்டத்துக் கடையிலும் தாள் ஒட்டினார். "பக்கம் தற்காலிகமாக மூடியிருக்கிறது. பணம் கட்டியவர்கள் ரசீதோடு வாருங்கள் அல்லது இந்த எண்ணுக்கு அழையுங்கள்." பொங்கலுக்கு முன்பே 16 பேர் வந்துவிட்டார்கள். மற்ற மூவரும் வெளியூர்க்காரர்கள்.

ஜனவரி 17ஆம் தேதி பக்கம் திறந்தது. பதிவும் திரும்பி வந்தது. மாட்டுப் பொங்கலோ 15ஆம் தேதியே முடிந்துவிட்டது! மீதி 11 ஜோடியும் அப்படியே அலமாரியில். அக்கா முதல் வேலையாகச் செய்திப் பெட்டியைத் திறந்து, அந்த மூவருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினார். ஒருவர் மட்டும் பணம் வேண்டாம், சிலையையே அனுப்புங்கள் என்றாராம்.

நான் கடைக்குப் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கிடந்தது. பக்கத்தில் வரும் ஒவ்வோர் ஆர்டரையும் பெயர், தொலைபேசி எண், முகவரியோடு அன்றன்றே அதில் எழுதிவிடுகிறார். அலமாரியிலிருந்த பசுவுக்குக் கீழே புதிய அட்டை: "பித்தளைச் சிலை. பசு, கன்று. உயரம் 7 செ.மீ." படம் எடுக்க இப்போது புல்தரைக்குப் போவதில்லை, கடை மேசையில் மஞ்சள் துணி விரித்து, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொள்கிறார்.