கனடா பி.ஆருக்கு எந்த வேலைக் கடிதம் செல்லும்?

"இவர் எங்கள் நிறுவனத்தில் 2019 முதல் 2024 வரை அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாகப் பணியாற்றினார். நன்னடத்தை உள்ளவர்." நம் ஊர் நிறுவனங்கள் தரும் அனுபவச் சான்றிதழ் பெரும்பாலும் இவ்வளவுதான். உள்ளூரில் அடுத்த வேலைக்கு இது போதும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கனடா பி.ஆருக்கு விண்ணப்பிக்கிறவருக்குப் போதாது.

காரணம், அங்கே குடிவரவு அதிகாரி பதவிப் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண்ணும் அதற்குரிய பணிகளின் பட்டியலும் உண்டு. கடிதத்தில் உள்ள பணிகள் எந்த எண்ணோடு பொருந்துகின்றன என்றுதான் அவர் பார்க்கிறார்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். பேரேடு எழுதி, வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, இருப்பாய்வு தயாரித்து, சம்பளப் பட்டியலும் வரிக் கணக்கும் போட்டவர் என்றால் அவர் 12200 என்ற எண்ணில் வருவார். கடிதம் "பில் போட்டார், கணக்குகளைப் பதிந்தார்" என்று மட்டும் சொன்னால் 14200-க்கு, எழுத்தர் நிலைக்கு, இறங்கிவிடுவார். வெளிநாட்டு அனுபவத்தோடு திறன் தொழிலாளர் பிரிவில் விண்ணப்பிக்க அந்த நிலை அனுபவம் செல்லாது. செய்த வேலை ஒன்றே. கடிதம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காக வகைப்பாட்டின் வாசகங்களை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். அன்றாடம் செய்ததை நிறுவனத்தின் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும்.

ஆண்டுச் சம்பளத்தோடு பி.எஃப்., போனஸ் போன்ற சலுகைகளையும் குறிப்பிட வேண்டும். அந்தத் தொகை சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

பணிக்காலத்தில் ஆண்டு மட்டும் இருந்தால் போதாது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வேண்டும். இன்னும் வேலையில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இடையில் பதவி உயர்ந்திருந்தால் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே தேதியும் பணிகளும் வர வேண்டும். பலர் மறப்பது வார வேலை நேரத்தை. திறன் தொழிலாளர் பிரிவு கேட்பது குறைந்தது ஓராண்டுத் தொடர் அனுபவம், அதாவது 1,560 மணி நேரம். வாரத்துக்கு 30 மணி என்று கணக்கு. நேரத்தைக் குறிப்பிடாத கடிதத்தில் இதை எப்படிக் கணக்கிடுவது?

இத்தனையும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலோடு, மேலாளர் அல்லது ஹெச்.ஆர். அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்துடன் இருக்க வேண்டும்.

"பணிகளை எழுதித் தரும் வழக்கம் இல்லை" என்று ஹெச்.ஆர். மறுத்தால், நேரடி மேலாளரிடம் கடிதம் கேளுங்கள். அதோடு நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், நிறுவனம் மறுத்ததற்கான சான்று, உங்கள் விளக்கக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

அழைப்பு வந்த பிறகு முழு விண்ணப்பத்தையும் அனுப்ப 60 நாள்தான் தருகிறார்கள். பழைய நிறுவனத்தில் கடிதம் வாங்க அதற்குள் அலைய முடியாது. அழைப்புக்குக் காத்திராமல் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.