ஆகஸ்டில் காலியான பஸ்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லேண்ட் என்றொரு நகரம். அங்கே பஸ் ஓட்டும் ட்ரைமெட் நிறுவனம் 1969-இல் தொடங்கியது. அந்த நகரத்தின் பஸ் பயணிகள் எண்ணிக்கை, 1973 ஜனவரி முதல் 1982 ஜூன் வரை மாதத்துக்கு ஒன்றாக 114 எண்கள், புள்ளியியல் மாணவர்கள் பழகிப் பார்க்கும் பட்டியலாக இன்றும் உலவுகிறது. மாதச் சராசரியை நூறால் வகுத்து எழுதியிருக்கிறார்கள். 1214 என்றிருந்தால் 1,21,400 என்று படித்துக்கொள்ள வேண்டும். ட்ரைமெட்டின் ரயில் 1986-இல்தான் வந்தது. ஆகவே இந்த எண்களில் பஸ்ஸைத் தவிர வேறு கலப்பில்லை.

1981 ஆகஸ்டில் எண் 1214. அக்டோபரில் 1417. இரண்டே மாதத்தில் 203 கூடியிருக்கிறது, அதாவது 20,300 பேர். அன்றைய மேலாளர் ஒருவர் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் கூட்டம் கூடுகிறது, புது பஸ் வாங்கலாம் என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரில் 1450. அதோடு ஒப்பிட்டால் இந்த அக்டோபர் குறைவு.

காரணம் எளிது. அங்கே பள்ளி, கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை ஜூன் மாதத்தில் தொடங்கி ஆகஸ்ட் முழுக்க நீளும். நம் ஊரில் மே மாதத்துக்கு உள்ள நிலை அங்கே ஆகஸ்டுக்கு. பட்டியலில் உள்ள ஒன்பது ஆகஸ்டுகளில் எட்டு, அந்தந்த ஆண்டின் மிகக் குறைந்த மாதம். பஸ்ஸுக்கு வருபவர்கள் உண்மையில் கூடுகிறார்களா என்று அறிய, முதலில் இந்த ஏற்ற இறக்கத்தை எண்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

பழைய வழி நகரும் சராசரி. அடுத்தடுத்த சில மாதங்களைக் கூட்டி வகுத்து, பிறகு ஒரு மாதத்தை முன்னால் சேர்த்து, பின்னால் ஒன்றைக் கழற்றி, மறுபடி வகுப்பது. எத்தனை மாதம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று மாதம் எடுத்தால் 1981-இன் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சராசரி 1266. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 1388. எண் சமனானது போலத் தெரிகிறது, ஆனால் விடுமுறைப் பள்ளம் அப்படியே இருக்கிறது. வளர்ச்சி என்ற அதே பொய்யை இது கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு மாதம் எடுத்தால் நிலைமை மாறும். எந்த மாதத்தில் தொடங்கினாலும் அந்தக் கூட்டலில் ஓர் ஆகஸ்ட், ஓர் அக்டோபர், ஒரு ஜனவரி என்று ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே இருக்கும். பள்ளமும் மேடும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். அந்தச் சராசரி 1981 செப்டம்பரில் 1374, டிசம்பரில் 1368. மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது, புது பஸ் வாங்கும் நேரம் இல்லை.

இந்தச் சராசரி நகரும் விதத்தில் ஓர் அழகு உண்டு. புது மாதம் உள்ளே வரும்போது வெளியே போவது சென்ற ஆண்டின் அதே மாதம். ஆகவே சராசரி எவ்வளவு மாறுகிறது என்றால், அந்த இரண்டு மாதங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சென்ற ஆண்டின் இதே மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக இருக்கும்வரை சராசரி ஏறிக்கொண்டே இருக்கும்.

இதில்தான் வினை. 1979-இல் ஈரான் புரட்சியை ஒட்டி அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை கட்டின. எண்களே காரணத்தைச் சொல்லாது என்றாலும், அந்த ஆண்டின் கோடையில் போர்ட்லேண்ட் பஸ்ஸில் நடந்தது அந்தக் கதையோடு பொருந்துகிறது. வழக்கமாகச் சரியும் ஜூனில் 1345 வந்தது, சென்ற ஜூனைவிட 164 அதிகம். செப்டம்பரில் அதே ஒப்பீட்டில் 296 அதிகம். ஏற்றம் 1980 பிப்ரவரியில் 1558 வரை போனது. பட்டியலிலேயே உச்சம் அதுதான். அதன் பிறகு வேகம் அடங்கியது. ஜூனில் முந்தைய ஆண்டைவிட 92 மட்டுமே கூடுதல், ஜூலையில் 24, ஆகஸ்டில் 2, செப்டம்பரில் 7 குறைவு. அந்த வித்தியாசம் ஆகஸ்டுவரை சுழிக்கு மேல் இருந்ததால், பன்னிரண்டு மாதச் சராசரி ஆகஸ்ட் வரை ஏறிக்கொண்டே இருந்து 1461 என்ற உச்சத்தைத் தொட்டது. உச்சம் நேர்ந்ததற்கும் சராசரி அதைச் சொன்னதற்கும் நடுவில் ஏறக்குறைய அரை ஆண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களின் சராசரியை இந்த மாதத்தின் பெயரில் எழுதினால் இந்தத் தாமதம் தவிர்க்க முடியாதது.

தாமதத்தைப் போக்க, அந்தச் சராசரியைக் கடைசி மாதத்தின் எதிரே எழுதாமல் நடுமாதத்தின் எதிரே எழுதலாம். பன்னிரண்டுக்கு நடு என்று ஒரு மாதம் இல்லை, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில் விழும். அதனால் அடுத்தடுத்த இரண்டு பன்னிரண்டு மாதச் சராசரிகளை எடுத்து, அவற்றின் சராசரியை நடுவில் உள்ள மாதத்துக்குக் கொடுப்பார்கள். மையப்படுத்திய நகரும் சராசரி என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அப்படிச் செய்தால் உச்சம் 1980 பிப்ரவரிக்கு வந்து உட்கார்கிறது. ஆனால் இதற்கும் விலை உண்டு. பட்டியலின் முதல் ஆறு மாதத்துக்கும் கடைசி ஆறு மாதத்துக்கும் மைய மதிப்பு கிடைக்காது. அதிகாரிக்குத் தேவையான இன்றைய நிலவரம் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு என்ற அளவு நமக்கு நாட்காட்டி சொல்லித் தெரிந்தது. எண்களே சொல்லுமா என்று பார்க்கத்தான் தன்னொட்டுறவு. எண்களை ஒரு காகிதப் பட்டையில் எழுதி, அதே எண்களோடு இன்னொரு பட்டையும் செய்து, ஒன்றுக்குக் கீழே ஒன்று வைத்து, கீழ்ப்பட்டையைச் சில மாதம் தள்ளுங்கள். இப்போது எதிரெதிரே நிற்கும் எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை +1-க்கும் -1-க்கும் இடையில் ஓர் எண்ணாகச் சொல்வதுதான் அது. தன் பழைய வடிவத்தோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று ஒரு தொடர் தன்னையே கேட்டுக்கொள்வது.

போர்ட்லேண்ட் எண்களை அப்படியே போட்டு ஒரு மாதம் தள்ளினால் 0.9-க்கு மேல் வரும். ஆறு மாதம் தள்ளினாலும் எண் உயர்வாகவே இருக்கும். அதைப் பார்த்து வலுவான ஞாபகம் என்று வியந்துவிடக் கூடாது. 1973-இல் 650 சுற்றிலும், 1980-இல் 1450 சுற்றிலும் இருந்த தொடர் அது. முன்பாதி பெரும்பாலும் கீழே, பின்பாதி முழுக்க மேலே. சில மாதம் தள்ளினாலும் பெரும்பாலும் கீழதற்குக் கீழதும் மேலதற்கு மேலதும் எதிரே நிற்கும். நாம் அளந்தது வளர்ச்சியை, பருவத்தை அல்ல.

நீள்காலப் போக்கு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ஒரே ஆண்டின் பன்னிரண்டு எண்களை அடுத்த ஆண்டின் பன்னிரண்டோடு மாதத்துக்கு மாதம் இணைத்துப் பாருங்கள். கணினி விரிதாளில் ஒரு வரிதான்:

```
=CORREL(B2:B13,C2:C13)
```

1980-ஐ 1981-உடன் இணைத்தால் 0.87. ஆகஸ்டுக்கு எதிரே ஆகஸ்ட் பள்ளம் அழகாகப் பொருந்துகிறது. அதையே 1978-க்கும் 1979-க்கும் செய்தால் -0.37 வருகிறது. ஆண்டுப் பருவம் தலைகீழாகிவிட்டதா? இல்லை. 1979 முழுக்க, 1212-இல் தொடங்கி 1431 வரை, சரிவான பாதையில் ஏறிய ஆண்டு. அந்தச் சரிவு ஜனவரியை ஆண்டின் அடிமட்டமாகவும் டிசம்பரை மேட்டாகவும் காட்டிவிட்டது.

இங்கே முதல் கருவி இரண்டாவதற்குக் கை கொடுக்கிறது. ஒவ்வொரு மாத எண்ணிலிருந்தும் அந்த மாதத்தின் மையச் சராசரியைக் கழித்து, மிச்சத்தை மட்டும் இணைக்க வேண்டும். 1981 ஆகஸ்டின் மையச் சராசரி 1370. ஆகவே மிச்சம் -156. 1980 ஆகஸ்டுக்கு -129, 1979-க்கு -71, 1978-க்கு -83. இப்போது 1980-81 ஒட்டுறவு 0.93 ஆகிறது. 1978-79 ஜோடி -0.37-இலிருந்து 0.22-க்கு வருகிறது.

0.22 போதாது என்று தோன்றும், நியாயம்தான். 1979-இல் நிகழ்ந்தது ஒரு திடீர்த் தாவல். பன்னிரண்டு மாதச் சராசரிக்குத் தாவத் தெரியாது, அது எல்லாத் தாவலையும் ஓராண்டு நீளச் சரிவாக இழுத்துவிடும். ஆகவே தாவலுக்கு முந்தைய சில மாதங்கள் கோட்டுக்குக் கீழேயும் பிந்தைய செப்டம்பர் +45 என்று மேலேயும் தெரிகின்றன. ஜூனின் மிச்சமும் வழக்கமான குறையிலிருந்து +13 ஆகிறது. பருவம் இருக்கிறது, அதன்மேல் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆண்டின் ஒட்டுறவு இப்படிக் கூட்டத்திலிருந்து விலகி நின்றால், கருவியைக் குறைசொல்லுமுன் அந்த ஆண்டின் செய்தித்தாளைப் புரட்டுவது நல்லது.

ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது. சிலர் வழவழப்பான நகரும் சராசரிக் கோட்டையே எடுத்து அதன்மேல் தன்னொட்டுறவு கணக்கிடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு பன்னிரண்டு மாதச் சராசரிகள் பதினோரு மாதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பகடை உருட்டி வந்த எண்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சராசரி எடுத்தாலும், ஒன்று தள்ளிய தன்னொட்டுறவு 11/12, அதாவது 0.92 வந்துதான் தீரும். பகடைக்கு ஞாபகம் ஏது? ரஷ்யாவின் யூஜின் ஸ்லுட்ஸ்கி 1927-இல் லாட்டரி எண்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, பொருளாதார ஏற்ற இறக்கம் போலவே அலைகள் எழுவதைக் காட்டினார். சராசரி எடுத்த கோட்டில் அலை தெரிந்தால், அது பஸ்ஸில் இருந்ததா கணக்கில் பிறந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒட்டுறவைச் சராசரியில் பார்ப்பதில்லை, மிச்சத்தில் பார்க்கிறோம். அந்த மிச்சத்திலும் சராசரியின் கைவண்ணம் சிறிது படிந்திருக்கும், ஆனால் ஆகஸ்டுக்கு ஆகஸ்ட் திரும்ப வரும் பள்ளத்தை அதனால் உருவாக்க முடியாது.

பட்டியல் 1982 ஜூனில் 1327 என்று முடிகிறது. சென்ற ஜூனைவிடப் பத்துக் குறைவு. அதற்கு முந்தைய ஐந்து மாதங்களிலும் வித்தியாசம் 32-ஐத் தாண்டவில்லை. சராசரி 1368-ஐ ஒட்டித் தட்டையாக இருக்கிறது. இதை வைத்து அடுத்த ஆகஸ்டைக் கணிக்கச் சொன்னால், சராசரியிலிருந்து முந்தைய ஆகஸ்டின் பள்ளமான 156-ஐக் கழித்து 1212 என்று எழுதலாம். முந்தைய ஆண்டின் பள்ளமான 129-ஐக் கழித்தால் 1239. மேலாளராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, கோடையில் எத்தனை பஸ்ஸை டெப்போவில் நிறுத்திப் பழுது பார்க்கலாம் என்று தீர்மானித்திருப்பேன்.