நாடா திரும்பும் அடி: தறியின் அசைவும் பாட்டின் அளவும்

உடலுழைப்பின் அசைவைத் தாளமாகக் கொண்டு, அந்த உழைப்பு நடக்கும்போதே பாடப்படுவது தொழிற்பாட்டு எனப்படும். ஜெர்மானியப் பொருளியலாளர் கார்ல் புயூகர் 1896இல் வெளியிட்ட நூலில், வேலையின் ஒழுங்கான அசைவிலிருந்தே கவிதையின் தாளம் பிறந்தது என்று வாதிட்டார். எல்லாக் கவிதைக்கும் அதை ஏற்பது கடினம். ஆயினும், ஒரு கருவியின் அசைவு பாட்டின் அடியை எங்கே தொடங்கி எங்கே முடிக்கச் செய்கிறது என்பதைப் பார்ப்பதற்குக் கைத்தறியைப் போல வாய்ப்பானது வேறில்லை.

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில், கல்முனைக்குப் போகும் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதே சாலையில் தெற்கே சென்றால், கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற மருதமுனை வரும். இக்கரையோரத்துப் பாட்டுச் செல்வத்தில் தறிக்குப் பொருந்துவது எது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது கவி. வயற்காவலிலும் காதலிலும் தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த நான்கு சிற்றடிப் பாட்டு அது. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்ற நூலைப் படித்தவர்கள் இம்மரபை அறிவர். ஆனால் கவியின் இசை நீண்டு இழுபடுவது. வயல்வெளியின் தொலைவைக் கடந்து ஒருவர் காதில் விழவேண்டிய குரலுக்கு அது ஏற்றது. ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் தறியின் முன் அந்த இழுவை நிற்காது. தறிக்கு நெருங்கிய உறவு வசந்தன் பாட்டுத்தான். தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்று பதிப்பித்த அப்பாட்டுகளுக்குக் கோலடித்து ஆடுவார்கள் என்பதால், அடியின் அளவைக் குரல் விரும்பியபடி நீட்டவிடாமல் கோலின் ஓசை பிடித்துவைக்கிறது. தறியில் கோலின் இடத்தில் இருப்பது அச்சு.

அச்சு என்பது சீப்புப் போன்ற பல்வரிசை. பாவின் இழைகள், அதாவது நீளவாட்டு நூல்கள், அதன் பற்களுக்கிடையே கோக்கப்பட்டிருக்கும். நெய்பவர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் தொங்கும் மிதியைக் காலால் அழுத்தும்போது, விழுதுகள் என்னும் நூற்கண்ணிகள் பாவின் ஒரு பாதியை உயர்த்தி மறுபாதியைத் தாழ்த்த, இடையில் ஒரு வாய் திறக்கிறது. அந்த வாயினூடே நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்தோடும் படகு வடிவக் கட்டை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. பிறகு கை அச்சை நெஞ்சை நோக்கி இழுத்து, புதிதாக விழுந்த ஊடையை முன்பு நெய்த துணியோடு சேர்த்து அடிக்கிறது. மிதி, பாய்ச்சல், அடி என்ற மூன்றில் முதலிரண்டும் ஏறக்குறைய ஓசையற்றவை, மூன்றாவதுதான் கேட்பது. ஆகவே பாட்டின் சொற்கள் முதலிரண்டின் நேரத்தை நிரப்பவேண்டும். பாட்டடியின் ஈற்றில் அச்சின் ஓசையோடு கூடிவிழும் குறுஞ்சொல் ஒன்றும் வேண்டும்.

இந்த விதி எவ்வாறு அடியை உருவாக்குகிறது என்பதைக் காட்ட, இக்கட்டுரைக்காகவே கட்டப்பட்ட நான்கு அடிகள் கீழே தரப்படுகின்றன.

போன நாடா திரும்பி வாடா - போடு
பூத்த பாவு வாய்திறக்க - போடு
ஏறின நூல் இறங்கி நிக்க - போடு
இறங்கின நூல் ஏறி நிக்க - போடு

ஓரடிக்கு ஓர் ஊடை என்பது இதன் அளவு. 'போடு' என்ற சொல்லின் முதலெழுத்து வல்லினம். உதடுகள் மூடித் திறக்கும் அந்த வெடிப்பு, கை அச்சை இழுக்கும்போது இயல்பாக வெளியேறும் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் மெல்லினத்திலோ நெட்டிழுப்பிலோ முடியும் சொல்லை வைத்தால், அது இனிமையாக ஒலிக்கலாமே தவிர, கைக்கு உதவாது. மூன்றாம் நான்காம் அடிகளில் ஏறலும் இறங்கலும் இடம் மாறுவது அணிக்காக மட்டும் வந்ததன்று. சாதாரண நெசவில் ஒற்றைப்படை இழைகளும் இரட்டைப்படை இழைகளும் ஒவ்வொரு மிதிக்கும் இடம் மாறுகின்ற செயலையே அது சொல்கிறது.

அடிகளின் எண்ணிக்கையும் தறி விதித்ததே. முதலடிக்கு நாடா இடப்பக்கம் போனால் இரண்டாமடிக்கு வலப்பக்கம் திரும்பும். நான்காமடி முடியும்போது புறப்பட்ட பக்கத்திலேயே நிற்கும். மூன்றடிப் பாட்டாக இருந்தால், ஒவ்வொரு முறை பாடி முடிக்கும்போதும் நாடா மாறிமாறி எதிர்ப்பக்கத்தில் நின்றுவிடும். கட்டம் போட்ட சாரத்தில் இது வெறும் ஒழுங்குப் பேச்சாக இராமல் உண்மையான தேவையாகிவிடுகிறது. நிறம் மாற்றும் நாடாப்பெட்டி தறியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், ஒவ்வொரு நிறமும் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் விழமுடியும். மேலே கண்ட பாட்டை இரண்டு முறை பாடினால் எட்டு ஊடை. ஆறு முறை பாடினால் இருபத்து நான்கு. எட்டு ஊடை கறுப்பும் இருபத்து நான்கு ஊடை சிவப்புமாகக் கட்டம் அமையவேண்டுமானால், நெய்பவர் இழைகளை எண்ணவேண்டியதில்லை. பாட்டை எண்ணினால் போதும். காஷ்மீரக் கம்பள நெசவில் இதன் மறுகோடியைக் காணலாம். அங்கே தாலிம் எனப்படும் குறியீட்டுத் தாளை ஒருவர் உரக்க ஓத, மற்றவர்கள் அதன்படி முடிச்சிடுவார்கள். எண்ணிக்கையே அங்கு ஓதலாகிவிட்டது.

தவறு நேரும் இடமும் தெளிவானது. பாட்டில் மனம் தோய்ந்து ஓரடியை இழுத்துவிட்டால் அச்சின் அடி தாமதமாகும். உற்சாகத்தில் விரைந்தால் கை ஓங்கி அடித்துவிடும். அடியின் வலிமை மாறும்போது ஓரிடத்தில் ஊடை நெருக்கமாகவும் அடுத்த இடத்தில் தளர்வாகவும் விழும். தறியில் இருக்கும்வரை இது கண்ணுக்கு எளிதில் படாது. துணியை இறக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். பாடகனுக்குப் பாராட்டு வாங்கித் தரும் அதே இழுவையும் துள்ளலும் நெசவாளிக்குக் கூலிக்குறைவைத்தான் தரும் என்பது இத்தொழிலின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஜோன் கே 1733இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விசைநாடா, ஓரடிக்கு ஓர் ஊடை என்ற அளவையே மாற்றிவிட்டது. கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்கும் தறியில் ஓர் ஊடைக்கு இரண்டு, மூன்று விநாடிகள் வரை செல்லும். ஒன்பது அசையொலிகள் கொண்ட ஓரடியைப் பாட அது தாராளமான நேரம். கயிற்றை வெட்டி இழுத்து நாடாவைப் பாய்ச்சும் விசைநாடாத் தறியில், தேர்ந்த கைக்கு ஒரு விநாடியே போதும். அப்போது ஓரடிக்குள் இரண்டு ஊடை விழும்; 'போடு' அச்சின் ஓர் அடி விட்டு மறு அடியில்தான் வரும். பாட்டின் அடியைப் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் நான்கைந்து அசைகளில் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். தறிச்சத்தமும் கூடிவிடுகிறது. விசைநாடா நுழைந்த கூடங்களில் பாட்டு தறியை விட்டு, சிட்டத்திலிருந்து தார் சுற்றுவது, பாவு நீட்டுவது போன்ற முன்வேலைகளிலேயே எளிதாகத் தங்கும். அந்த அசைவுகள் மெதுவானவை, குரலை அடக்கும் ஓசையும் அவற்றில் இல்லை. நூலாக்கத்துக்கு உவமை தேடிய நன்னூல் பாயிரம், நெய்பவரை விட்டு நூற்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டதும் இங்கே நினைக்கத்தக்கது: சொல் பஞ்சாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகமாகின்றன. கதிரில் நூல் இடையறாது இழுபடும். தறியில் போல நொடிக்கொருமுறை வெட்டுப்படாது.

பாடிக்கொண்டே நெய்யும்போது இழை அறுந்தால், பாட்டும் அடியின் நடுவிலேயே அறுகிறது. முடிச்சு விழும்வரை வாய் பேசாது. மறுபடி தொடங்கும்போது விட்ட சொல்லிலிருந்து தொடங்குவது பயனற்றது. நாடா எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, புறப்பட்ட பக்கமானால் முதலடி அல்லது மூன்றாமடி, எதிர்ப்பக்கமானால் இரண்டாமடி அல்லது நான்காமடி என்று எடுத்துப் பாடவேண்டும்.