அரை பெரிசா, கால் பெரிசா?

நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கணக்குப் பரீட்சையில் 1/4, 1/2 இரண்டில் 1/4-தான் பெரியது என்று எழுதி வந்தாள். கேட்டால், "ரெண்டை விட நாலு பெரிசுதானேம்மா?" என்கிறாள்! ஆத்திரத்தில் முதுகில் ரெண்டு போட்டுவிட்டேன். அழுதுகொண்டே படுத்தாள். எனக்கும் தூக்கமில்லை.

மறுநாள் சப்பாத்தி போடும்போது, நானே ஒரு பாட்டுக் கட்டினேன்.

வட்டச் சப்பாத்தி ஒண்ணு
வச்சிருக்கா கண்ணு!
ரெண்டு பேரா உக்காந்தா
அரை அரையாப் பிச்சுத் தா!
நாலு பேரா ஆச்சு
கால் காலாப் போச்சு!
எட்டுப் பேரும் வாங்க
அரைக்கால்தான் போங்க!

அரை மணியில் மனப்பாடம். ஆனால் திரும்பக் கேட்டால் அதே பதில்! வாய் பாடியதே தவிர, மனசில் ஏறவில்லை. அப்புறம்தான் தறிச் சத்தம் கேட்கும் எங்கள் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நிஜமாகவே சப்பாத்தியைப் பிய்க்கச் சொன்னேன். ஒரே அளவுச் சப்பாத்தியாக இருக்க வேண்டும். சின்னதில் பாதியும் பெரியதில் காலும் கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். எட்டுப் பேர் வந்ததும் தன் கையிலிருந்த துண்டைப் பார்த்தவள், "அய்யே, ஆள் கூடக்கூடத் துண்டு சின்னதாப் போகுதும்மா!" என்றாள். கீழே எழுதுகிற பகுதி, பங்கு கேட்கிற ஆட்களின் எண்ணிக்கை என்பது அப்போதுதான் புரிந்தது.

என் மாமியார் சும்மா இருப்பாரா? பரணிலிருந்து பழைய உழக்கையும் ஆழாக்கையும் எடுத்து வந்தார். படியில் கால் பங்கு உழக்கு. அதில் பாதி ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு அரிசியை உழக்கில் கொட்டிக் காட்டி, "காலில் அரைதான்டி அரைக்கால், பேரிலேயே இருக்கு" என்றார். எனக்கே அன்றுதான் உறைத்தது!

ஒரு நாள் மூன்றே பிள்ளைகள் வந்தார்கள். என் மகள் பாட்டுப்படி பாதியாக்கி, ஒரு பாதியை மறுபடி பாதியாக்கினாள். மூன்று துண்டு வந்தது. ஆனால் ஒருத்திக்கு அரை, மற்ற இருவருக்கும் கால். சண்டை! பாதியாக்கிக்கொண்டே போனால் இரண்டு, நாலு, எட்டு என்றுதான் வரும். மூன்று சமபங்கு வரவே வராது. துண்டை எண்ணினால் போதாது, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துச் சமமா என்று சொல்ல வேண்டும் என்றேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, 12, 4, 8 இருக்கும் இடங்களிலிருந்து நடுமையம் வரை கத்தியால் கீறச் சொன்னேன். சரியாக மூன்று வந்தது.

இப்போது அவளே பாட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டாள்: "மூணு பேரா வந்தாக்கா, கடிகாரம் பாரக்கா!"

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.