ஷாக் அடித்தும் எம்.சி.பி. ஏன் விழவில்லை?

குளியலறைக் குழாயைத் திறக்கக் கை வைத்தால் விரலில் சுருக்கென்கிறது. கீசரை நிறுத்திவிட்டுத் தொட்டால் ஒன்றும் இல்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்த வீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: "எர்த் போட்டிருக்கு, எம்.சி.பி.யும் போட்டிருக்கு. பிறகு எப்படி ஷாக் அடிக்குது?" நியாயமான கேள்வி. இதற்கான பதிலில் பாதி, கீசரோடு வந்த சிறு கையேட்டிலேயே இருக்கிறது. அது வாரண்டி அட்டையோடு பீரோவுக்குள் போய்விடுவதால் யாரும் படிப்பதில்லை.

பதினைந்து லிட்டர் கீசர் ஒன்றின் கையேட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலேயே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட் என்று இருக்கும். 2000 வாட் என்பது அந்தக் கீசர் எப்போதும் இழுக்கும் மின்சாரம் அல்ல. 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் இழுப்பது. அப்போது கம்பியில் ஓடுவது ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அதனால்தான் கையேடு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கேட்கிறது. மிக்சி மாட்டும் சிறிய 6 ஆம்பியர் பாயிண்டில் மாற்று பிளக் வைத்துச் செருகினால் முதலில் சூடேறுவது தண்ணீர் அல்ல, பிளக்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? மாலையில் 190 வோல்ட்தான் வருகிற தெருவில் அதே கீசர் 1365 வாட் அளவில்தான் வேலை செய்யும். வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்கு. வெப்பம் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்கு. 27 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர முழு வோல்டேஜில் சுமார் 17 நிமிடம் ஆகுமென்றால், இங்கே 25 நிமிடம் ஆகும். கீசர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகளில் சிலவற்றில் நடப்பது இதுதான்.

இனி ஷாக் விஷயத்துக்கு வருவோம். கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட் ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே சூடாகும் கம்பிச்சுருள், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. போர்வெல் உப்புத்தண்ணீர் சில ஆண்டுகளில் வெளிக்குழாயை அரித்துவிட்டால், ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக ஈரம் தூளுக்குள் இறங்குகிறது. அன்றிலிருந்து மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் கசியத் தொடங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், கீசர் வழக்கம்போலத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டேதான் இருக்கும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது.

கசிவு தொடக்கத்தில் அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். எர்த் கம்பி இல்லாத வீட்டில் இந்த மின்சாரத்துக்குப் போக வழியில்லை. தொட்டியின் வோல்டேஜ் ஏறி நிற்கும். ஈரத்தரையில் நின்று குழாயைத் தொடுகிறவரின் உடம்புதான் வழி. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று கொண்டால், அவர் வழியே பாயக்கூடியது 0.23 ஆம்பியர் வரை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்து அளந்ததில், கையை விடுவிக்க முடியாமல் தசை இறுகிப்போகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 0.016 ஆம்பியர்தான், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. 0.23 ஆம்பியர் இதைப் போலப் பதினான்கு மடங்கு. ஆனால் 16 ஆம்பியர் தாங்கும் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். பழைய ஃபியூஸ் கட்டையானாலும், இன்றைய எம்.சி.பி.யானாலும், அவை காப்பது கம்பியை, ஆளை அல்ல. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடிக் கம்பி காய்ந்து தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக ஃபியூஸில் மெல்லிய கம்பி உருகுகிறது. எம்.சி.பி.யில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. லோடு கொஞ்சம் கூடினால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் மெல்ல வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஒரு காந்தச்சுருள் கண நேரத்தில் இழுத்துவிடும். வீடுகளில் அதிகம் விற்கும் 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் அந்தக் காந்தச்சுருள் 80 முதல் 160 ஆம்பியருக்குள்தான் வேலை செய்யும். ஃபியூஸ் போன கட்டையில் ஒயர் இழைகளை முறுக்கிக் கட்டும் வீட்டில் இந்தப் பாதுகாப்பும் கிடையாது.

எர்த் இருக்கும் வீட்டில் கதை மாறுகிறது. ஆனால் எந்த அளவுக்கு மாறும் என்பது, கொல்லைப்புறத்தில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த அந்த இரும்புக் குழாயைப் பொறுத்தது. புதைத்த புதிதில் இரண்டு மூன்று ஓம் தடை இருக்கலாம். சில ஆண்டுகளில் குழாய் துருப்பிடித்து, கம்பி முடுக்கிய இடம் தளர்ந்து, சித்திரை வெயிலில் மண்ணும் காய்ந்தால் அது 20 ஓம் ஆகிவிடும். அரை ஆம்பியர் கசிவுக்கு அந்த எர்த்தும் போதும்: தொட்டியில் நிற்பது 10 வோல்ட்தான், யாருக்கும் தெரியாது. எலிமென்ட் முழுதாக வெடித்து ஃபேஸ் நேரடியாகத் தொட்டியைத் தொட்டால்தான் வினை. தெரு டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் 2 ஓம் என்று சேர்த்துக் கணக்கிட்டால், மண்ணுக்குள் ஓடுவது சுமார் 10.5 ஆம்பியர். கீசர் இழுக்கும் 8.7 ஆம்பியரையும் கூட்டினால் 19 சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதை நெடுநேரம், சில வேளை ஒரு மணி நேரத்துக்கு மேலும், தாங்கிக்கொண்டு நிற்கும். அதுவரை தொட்டியிலும் குழாயிலும் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எர்த்தும் இருந்தது, எம்.சி.பி.யும் இருந்தது, இரண்டும் பழுதில்லை. ஆனாலும் ஷாக் அடித்தது.

இந்த 20 ஓம் எர்த்தைச் சாதாரணச் சோதனை காட்டிக்கொடுக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை வைத்து, "பளிச்சுன்னு எரியுது சார், எர்த் நல்லா இருக்கு" என்று சொல்வது வழக்கம். பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். அதோடு 20 ஓம் சேர்வதால் பல்பு இழப்பது எட்டு வோல்ட்தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எர்த் கம்பி அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டுமே பல்பு சாட்சி. தடையை அளக்க எர்த் டெஸ்டர் என்ற கருவி வேண்டும்.

இதைவிட மோசமான ஒரு குறுக்கு வழியும் உண்டு. எர்த் கம்பி இழுக்காத வீட்டில், சாக்கெட்டின் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பல்பு சோதனையில் அது முதல் வகுப்பில் தேறும். ஆனால் என்றாவது அந்த நியூட்ரல் கம்பி வழியில் எங்காவது அறுந்தால், ஒரு பழுதும் இல்லாத கீசரின் எலிமென்ட் வழியாகவே ஃபேஸ் நுழைந்து, அந்தத் துண்டு ஒயர் மூலம் தொட்டிக்கு வந்து நிற்கும். வீட்டில் இப்படி ஓர் இணைப்பு இருப்பது தெரிந்தால் அன்றைக்கே பிரிக்கச் சொல்ல வேண்டும்.

கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் காரணம் மேலே சொன்ன கணக்குதான். ஆர்.சி.சி.பி. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளே ஒரு வளையம். இரண்டு கம்பிகளும் அதன் வழியாகப் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கல்லாவில் கணக்கு உதைத்தால் உடனே கடையை இழுத்து மூடும் முதலாளியைப் போல, 30 மில்லிஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் குறைந்தாலே அது விழுந்துவிடும். அதிகபட்சம் 0.3 விநாடி, கசிவு பெரிதாக இருந்தால் அதைவிட வேகம்.

நம் கீசருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 20 ஓம் எர்த்தில் 10.5 ஆம்பியர் கசிந்தபோது எம்.சி.பி. சும்மா இருந்தது. ஆர்.சி.சி.பி.க்கு அது தேவைப்படும் அளவைப் போல 350 மடங்கு. முதலில் வந்த அரை ஆம்பியர் கசிவிலேயே, எலிமென்ட் வெடிப்பதற்குப் பல நாள் முன்பே, அது விழுந்திருக்கும். எர்த் 100 ஓம் ஆனாலும் விழும்.

அப்படியானால் எர்த் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எர்த்தே இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. விழும், ஆனால் யாராவது தொட்டு, மின்சாரம் அவர் உடம்பு வழியாகப் போன பிறகுதான் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடாமலே விழும். நியூட்ரலை எர்த் துளையில் இணைத்த சாக்கெட்டிலோ, தொட்டிக்குக் கசிந்த மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியாக நியூட்ரலிலேயே திரும்பிவிடும். கணக்கு நேராகிவிடுவதால் ஆர்.சி.சி.பி. கண்டுகொள்ளாது. இன்னொரு எல்லையும் அதற்கு உண்டு: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தவரை அது சாதாரண லோடு என்றே நினைக்கும். ஷார்ட் சர்க்யூட்டும் அதன் வேலை அல்ல. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

ஆர்.சி.சி.பி. திரும்பத் திரும்ப விழுகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்ட வீடுகள் உண்டு. அது விழுவது தொல்லை அல்ல, தகவல். எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கி, கீசரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் கீசரைச் செருகுங்கள். அப்போது விழுந்தால் எலிமென்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும்தான்; நியூட்ரல் வழியாக வரும் கோளாறு பிளக் செருகியிருக்கும்வரை தொடரும்.

பெட்டியின் முகப்பில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். நெம்புகோல் உடனே கீழே விழ வேண்டும், விழாவிட்டால் ஆர்.சி.சி.பி.யை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பொத்தான் சோதிப்பது பெட்டியை மட்டுமே, எர்த்தை அல்ல. எர்த்துக்கு, கோடை தொடங்கும்போது ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, எத்தனை ஓம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.