கால் கட்டைவிரல் வலிக்கும், கிருமியே இல்லாத காய்ச்சலுக்கும் ஒரே காரணமா? உடம்புக்குள் இருக்கும் 'அலாரம்' பற்றிய எளிய விளக்கம்

சனிக்கிழமை ராத்திரி மட்டன் பிரியாணி, கூடவே ரெண்டு பீர். நல்லா சாப்பிட்டுட்டு படுத்த 45 வயதுக்காரர், அதிகாலை 2 மணிக்கு அலறிக்கொண்டு எழுகிறார். கால் கட்டைவிரலின் அடி மூட்டு சிவந்து, வீங்கி, கொதிக்கிறது. மேலே போர்வை பட்டால்கூட தாங்க முடியவில்லை.

இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை. குளிர்ந்த காற்று பட்ட சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வலி. ஒரு நாளில் தானாகவே சரியாகிவிடுகிறது. அடுத்த முறை குளிர் பட்டால் மறுபடியும் அதே கதை. எந்த டெஸ்ட்டிலும் கிருமி சிக்கவில்லை.

முதலாவது, நமக்கு நன்கு தெரிந்த கவுட். இரண்டாவது, பரம்பரையாக வரும் ஓர் அரிய காலமுறைக் காய்ச்சல். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டிலும் அடித்துக்கொண்டிருப்பது ஒரே அலாரம். அது என்ன? பார்க்கலாம்.

காய்ச்சலை வரவைப்பது யார்?

கிருமி நேரடியாக நம் உடம்பைச் சூடாக்குவதில்லை. கிருமியைப் பார்த்த வெள்ளை அணுக்கள் ஒரு புரதத்தை வெளியே அனுப்புகின்றன. அதன் பெயர் இன்டர்லூகின்-1. சுருக்கமாக ஐ.எல்-1.

இது ரத்தத்தில் கலந்து மூளைக்கு 'சூட்டை ஏத்து' என்று சொல்கிறது. ரத்தக் குழாய்களை விரிக்கிறது. மற்ற வெள்ளை அணுக்களை 'இங்க வாங்க' என்று அந்த இடத்துக்கு அழைக்கிறது. காய்ச்சல், சிவப்பு, வீக்கம், வலி என எல்லாமே இதனால்தான்.

இதன் வீரியம் அதிகம். நானோகிராம் கணக்கில் இருந்தாலே காய்ச்சல் வந்துவிடும். அதனால் உடம்பு இதைத் தயார் நிலையில் வெளியே விட்டு வைப்பதில்லை. செல்லுக்குள் வேலை செய்யாத ஒரு கச்சாப் பொருளாகத்தான் செய்து வைக்கிறது. அதை வெட்டிச் சரியான வடிவுக்குக் கொண்டுவந்தால்தான் அது வேலை செய்யும். அந்த வெட்டும் வேலையைச் செய்யும் கூட்டணிதான் இன்ஃப்ளமசோம்.

இன்ஃப்ளமசோம்னா என்ன?

2002-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், யூர்க் சோப் என்ற விஞ்ஞானியின் குழு வைத்த பெயர் இது. இது எப்போதும் செல்லுக்குள் இருக்கும் உறுப்பு இல்லை. ஆபத்து வந்தால் மட்டும் சில புரதங்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கும் தற்காலிக இயந்திரம்.

அதில் ஆபத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு. இன்ஃப்ளமசோம்களில் பல வகை இருக்கின்றன. நம் கதைக்கு முக்கியமான வகையில் அந்தப் புரதத்தின் பெயர் என்.எல்.ஆர்.பி-3. கத்தரிக்கோல் வேலையைச் செய்வது காஸ்பேஸ்-1 என்ற நொதி. ஆபத்தை உணர்ந்ததும் இவை ஒன்றுகூடும். கத்தரிக்கோல் விழித்துக்கொண்டு கச்சா ஐ.எல்-1-ஐ வெட்டும். கூடவே செல்லின் சுவரில் ஓட்டை போடும் இன்னொரு புரதத்தையும் வெட்டிவிடும். அந்த ஓட்டை வழியாக ஐ.எல்-1 வெளியே பாயும்.

இது பேங்க் லாக்கர் மாதிரி. ஒரு சாவி போட்டால் திறக்காது. முதல் சாவி, 'ஏதோ சரியில்லை' என்ற பொதுவான எச்சரிக்கை. அது வந்தால் செல் கச்சாப் பொருளைச் செய்து வைக்கும். இரண்டாவது சாவி, செல்லுக்குள்ளேயே நடக்கும் சேதம். இரண்டும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும்.

கவுட்டில் என்ன நடக்கிறது?

நம் உடம்புச் சூட்டில், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் யூரிக் அமிலம்தான் கரைந்திருக்க முடியும். அதற்கு மேல் போனால், வருஷக்கணக்கில் மெதுவாக, மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். சூடு குறைந்தால் கரையும் அளவும் குறையும். உடம்பிலேயே குளிர்ச்சியான இடங்களில் ஒன்று கால் விரல். கட்டைவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் படிகங்களை வெள்ளை அணு 'வேண்டாத பொருள்' என்று விழுங்குகிறது. ஆனால் ஜீரணிக்க முடியவில்லை. படிகம் செல்லின் உள்ளே இருக்கும் ஜீரணப் பையைக் கிழிக்கிறது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. என்.எல்.ஆர்.பி-3 இதைத்தான் ஆபத்தாக உணர்கிறது. இதுதான் இரண்டாவது சாவி. யூரிக் அமிலப் படிகம் இப்படி இன்ஃப்ளமசோமைத் தட்டி எழுப்புகிறது என்பதை 2006-ல் நிரூபித்ததும் அதே சோப் குழுதான்.

அப்போ பிரியாணிக்கும் பீருக்கும் என்ன வேலை? இரண்டு வேலை. யூரிக் அமிலத்தை ஏற்றுவது ஒன்று. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் கூடும் கொழுப்பு அமிலங்கள் முதல் சாவியாகவும் மாறலாம் என்பது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. மூட்டில் படிகம் பல மாதம் சும்மா கிடந்துவிட்டு, ஒரு விருந்து முடிந்த ராத்திரியில் வெடிப்பது இதனால்தான்.

ரிப்போர்ட்ல நார்மல்னு வந்திருக்கே?

நம்ம 45 வயதுக்காரர் மறுநாள் ரத்தம் கொடுக்கிறார். யூரிக் அமிலம் 6.2. 'நார்மல்தான், கவுட் இல்லை' என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாகக் குறைவது சகஜம். வலி போய் 2 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உறுதியான வழி, மூட்டிலிருந்து ஊசி மூலம் கொஞ்சம் நீரை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் படிகத்தைத் தேடுவது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கிருமித் தொற்றாலும் மூட்டு இதே மாதிரி சிவந்து வீங்கும். அதைத் தவறவிட்டால் மூட்டே பாழாகிவிடும். அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

காலமுறைக் காய்ச்சலில் படிகமே இல்லையே?

சரியான கேள்வி. இங்கே லாக்கரின் பூட்டே பழுது.

என்.எல்.ஆர்.பி-3 புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், அந்தப் புரதம் எப்போதும் பாதி விழித்த நிலையில் இருக்கும். இரண்டாவது சாவி தேவைப்படாமலே இயந்திரம் ஓடத் தொடங்கும். சிலருக்குக் குளிர் பட்டாலே ஓடும். நாம் ஆரம்பத்தில் பார்த்த குழந்தைக்கு இருப்பது இதுதான். அப்பா அல்லது அம்மா ஒருவரிடமிருந்து இந்த மாற்றம் வந்தாலே நோய் வரும். அதனால் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

இதே மரபணுவின் வேறு மாற்றங்களால் வருவது மக்கிள்-வெல்ஸ் நோய். 1962-ல் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு எழுதிய இரு மருத்துவர்களின் பெயர் இது. காய்ச்சல், தடிப்போடு காது கேட்கும் திறனும் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. பல வருஷம் அழற்சி ஓயாமல் இருந்தால், கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். 'வந்து போற காய்ச்சல்தானே' என்று விட முடியாததற்கு இதுதான் காரணம். இரண்டு நோய்களும் ஒரே மரபணுவின் வேலை என்பது 2001-ல்தான் தெரிந்தது.

ஐ.எல்-1-தான் குற்றவாளி என்று எப்படித் தெரியும்?

அதைத் தடுத்துப் பார்த்தார்கள். நம் உடம்பே ஐ.எல்-1-க்கு ஒரு தடுப்பானைச் செய்கிறது. செல்லில் ஐ.எல்-1 உட்காரும் இடத்தில் அது முன்பே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஆய்வகத்தில் செய்ததுதான் அனாகின்ரா என்ற ஊசி மருந்து. மக்கிள்-வெல்ஸ் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்ததும், வருஷக்கணக்கில் இருந்த தொல்லை மணிக்கணக்கில் அடங்கியது. 2003-ல் இது வெளியானது. குளிர்க் காய்ச்சல் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஊசி போட்டுவிட்டு குளிர் அறையில் உட்கார வைத்தபோது தாக்குதலே வரவில்லை.

அனாகின்ராவைத் தினமும் போட வேண்டும். பிறகு வந்த கனாகினுமாப் ஊசி 8 வாரத்துக்கு ஒரு முறை. வழக்கமான மருந்து ஒத்துக்கொள்ளாத கவுட் நோயாளிகளுக்கும் 2023-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் விலை மிக அதிகம். அலாரத்தை அணைத்துவிட்டால் உண்மையான கிருமி வரும்போதும் அது சரியாக அடிக்காது, அதனால் தொற்று அபாயமும் உண்டு.

நம்ம செங்காந்தளுக்கும் இதில் பங்கு

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஊசிகள் தேவைப்படாது. பழைய மருந்து ஒன்றே போதும். அதன் பெயர் கோல்ச்சிசின். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் இருப்பதும் இதே பொருள்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுவது அதன் விதைக்காகத்தான். அந்த விதையிலிருந்து மருந்துக் கம்பெனிகள் கோல்ச்சிசின் எடுக்கின்றன.

வெள்ளை அணு நகர்வதற்கும், இன்ஃப்ளமசோம் ஒன்றுகூடுவதற்கும் செல்லுக்குள் நுண்ணிய குழாய்கள் தேவை. கோல்ச்சிசின் அந்தக் குழாய்கள் உருவாவதைத் தடுக்கிறது. கவுட் வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

துருக்கி, ஆர்மீனியா, அரபு நாடுகளில் பரவலாக உள்ள 'குடும்ப மத்தியதரைக் காய்ச்சல்' நோய்க்கும் இதுதான் முதல் மருந்து. அங்கே பழுதாவது பைரின் என்ற வேறொரு உணர்வுப் புரதம். 1 முதல் 3 நாள் காய்ச்சல், கடுமையான வயிற்று வலி வந்து போகும். 1972 முதல் இதற்குத் தினசரி கோல்ச்சிசின் கொடுக்கப்படுகிறது. தாக்குதல் குறைவதோடு சிறுநீரகமும் காப்பாற்றப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: மருந்தின் அளவுக்கும் விஷத்தின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கையோ விதையையோ சாப்பிட்டால் உயிர் போகும். மாத்திரையையும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

யூரிக் அமில மாத்திரை ஆரம்பிச்சதும் வலி கூடுதே?

கோல்ச்சிசின் அலாரத்தை அடக்குமே தவிர படிகத்தைக் கரைக்காது. அதற்கு அலோபியூரினால் போன்ற மாத்திரை தேவை. இலக்கு, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே.

ஆனால் படிகம் கரையத் தொடங்கும்போது சிறு துண்டுகளாக உதிரும். வெள்ளை அணுக்கள் அவற்றை மறுபடி விழுங்கும், அலாரம் மறுபடி அடிக்கும். 'மாத்திரை ஒத்துக்கல' என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். முதல் சில மாதம் சிறிய அளவு கோல்ச்சிசினும் சேர்த்துக் கொடுப்பார்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

குழந்தைக்கு ஒரே மாதிரி காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே தடிப்பு, வயிற்று வலி அல்லது மூட்டு வலி. கல்ச்சர் டெஸ்ட்டில் கிருமி இல்லை, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே நாளில்தான் இறங்குகிறது. இடைப்பட்ட நாட்களில் குழந்தை நன்றாக இருக்கிறது. இப்படி இருந்தால் காய்ச்சல் வந்த தேதி, எத்தனை நாள் இருந்தது, கூட என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை சி.ஆர்.பி. டெஸ்ட் எடுங்கள். அந்த நோட்டையும் இரண்டு ரிப்போர்ட்டையும் மூட்டு மற்றும் நோய் எதிர்ப்பு சக்தி நிபுணரிடம் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.