ஐந்துக்கு அடுத்து 34

ஒரு கடையின் இணைய ஆர்டர் பட்டியலில் 1 முதல் 5 வரை ஒழுங்காக இருக்கிறது. அடுத்த ஆர்டரின் எண் 34. கணக்குப் பார்ப்பவருக்கு நடுவில் இருந்த 28 ஆர்டர்களை யாரோ அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அநேகமாக யாரும் எதையும் அழித்திருக்க மாட்டார்கள். திடீரென மின்சாரம் போய் சர்வர் அணைந்திருக்கும், அவ்வளவுதான்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இப்படிப்பட்ட எண்களைத் தருவது சீக்வென்ஸ். `nextval` என்று கேட்டால் அடுத்த எண்ணைக் கொடுக்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

ஒருவர் ஆர்டர் போடுகிறார், அவருக்கு 101 கிடைக்கிறது. அவர் பணம் கட்டுவதற்குள் இன்னொருவர் வந்து 102 வாங்கி, வேலையை முடித்துவிட்டுப் போகிறார். பிறகு முதலாமவரின் பணப்பரிமாற்றம் தோற்று, அவருடைய ஆர்டர் ரோல்பேக் ஆகிறது. அதற்காக எண்ணியை 100க்குத் திருப்பிவைத்தால், 101க்கு அடுத்து மறுபடியும் 102 வரும். அது ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது. இதைத் தவிர்க்க வேண்டுமானால், முதலாமவர் முடிக்கும்வரை மற்ற எல்லோரையும் காக்கவைக்க வேண்டும். ஒரு எண் வீணாவது அதைவிட மேல் என்று முடிவெடுத்துத்தான் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

சர்வர் விழும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் வட்டில் குறிப்பு எழுதினால் வேகம் குறையும். அதனால் முதல் எண்ணைக் கொடுக்கும்போதே, 33 வரை கொடுத்தாயிற்று என்று போஸ்ட்கிரெஸ் முன்கூட்டியே எழுதிவிடும். அடுத்த 32 எண்களுக்கு எதையும் எழுத வேண்டியதில்லை. ஐந்தோடு சர்வர் விழுந்தால், எழுந்ததும் கையில் இருப்பது அந்தக் குறிப்பு மட்டுமே. ஆகவே 34. முறைப்படி நிறுத்தினால் உண்மையான எண் வட்டில் பதிந்துவிடும், இந்தத் தாவல் வராது.

இடைவெளி எதனால் வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அங்கங்கே ஒன்றிரண்டு எண்கள் விடுபட்டிருந்தால், அது ரோல்பேக்காக இருக்கலாம். மொத்தமாகத் தாவியிருந்தால், அந்த நேரத்துப் பதிவில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
database system was not properly shut down; automatic recovery in progress
```

இடைவெளியை மட்டும் வைத்து யாரும் எதையும் அழித்ததாகவோ அழிக்கவில்லை என்றோ நிரூபிக்க முடியாது.

ஆனால் ஜிஎஸ்டி விதி 46 பில்லுக்குத் தொடர் வரிசை எண் கேட்கிறது. அதற்குச் சீக்வென்ஸைப் பயன்படுத்தியது மென்பொருள் எழுதியவரின் பிழை, தரவுத்தளத்தின் பிழையல்ல. பில் எண்ணுக்கென ஒரே வரி கொண்ட தனி அட்டவணை வைத்து, பில்லைப் பதியும் அதே பரிவர்த்தனைக்குள் எண்ணைக் கூட்டலாம்:

```sql
UPDATE bill_no SET n = n + 1 RETURNING n;
```

பரிவர்த்தனை ரோல்பேக் ஆனால் இந்த எண்ணும் பின்னுக்குப் போகும். அதுவரை அந்த வரி பூட்டப்பட்டிருப்பதால் அடுத்த பில் காத்திருக்கும். ஆர்டர் எண்ணைச் சீக்வென்ஸிடமே விட்டுவிட்டு, பணம் வந்த பிறகு பில் எண்ணை மட்டும் இப்படிப் போட்டால் அந்தக் காத்திருப்பு நொடிக்கும் குறைவாகவே இருக்கும்.